வேலை விளம்பரத்தின் சொற்களை விண்ணப்ப மின்னஞ்சலில் எடுத்தாள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

விண்ணப்ப மின்னஞ்சல் எழுத உட்காரும்போது இரண்டு அறிவுரைகள் மோதிக்கொள்கின்றன. விளம்பரத்தில் அவர்கள் போட்ட சொற்களையே போடு என்கிறது ஒன்று. விளம்பரத்தைப் பார்த்து எழுதியதாகத் தெரியக் கூடாது என்கிறது மற்றொன்று. இரண்டுமே சரிதான். ஆனால் விளம்பரத்தில் இருக்கும் எல்லாச் சொற்களும் ஒரே வகை இல்லை. சிலவற்றை எழுத்து மாறாமல் எடுக்க வேண்டும், சிலவற்றில் பெயரை மட்டும் எடுத்து மற்றதை நாமே எழுத வேண்டும், சிலவற்றைத் தொடவே கூடாது. இந்தப் பிரிவினை சரியாக அமைந்துவிட்டால் மின்னஞ்சல் எழுதுவதில் பாதி வேலை முடிந்துவிடும்.

விளம்பரத்தின் சொற்கள் ஏன் தேவை என்பதை முதலில் பார்த்துவிடலாம். நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்களைப் புரட்டுகிறவர் ஒவ்வொன்றையும் நிதானமாகப் படிப்பதில்லை. தான் தேடும் வேலையின் பெயர், கருவியின் பெயர், பணியின் பெயர் கண்ணில் படுகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார். பிறகு ஒரு நாள், ‘SAP மென்பொருள் பற்றி எழுதியவர் யார்?’ என்று இன்பாக்ஸின் தேடல் பெட்டியில் தட்டிப் பார்க்கவும் கூடும். ரெஸ்யூமேக்களைச் சேமித்து வைக்கும் விண்ணப்ப மென்பொருள்களிலும் இப்படித்தான் தேடுகிறார்கள். ஆகவே சொல் அங்கே இருக்க வேண்டும். ஆனால் அது ஒருமுறை இருந்தால் போதும். ஏழுமுறை எழுதினால் கூடுதல் பலன் எதுவும் கிடைக்காது, படிக்கிறவரின் பொறுமைதான் குறையும்.

ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம்

கிடங்கு வேலை ஒன்றுக்கான விளம்பரம் இது. இந்த வழிகாட்டி முழுவதும் இதையே வைத்துப் பார்ப்போம்.

> இருப்புக் கட்டுப்பாட்டு உதவியாளர் தேவை. குறிப்பு எண் IC-14.
> பணிகள்: வாராந்திர சுழற்சிக் கணக்கெடுப்பு நடத்துதல், பதிவேட்டு இருப்புக்கும் கையிருப்புக்கும் இடையிலான வேறுபாடுகளைக் கண்டறிந்து காரணத்தைப் பதிவு செய்தல், கொள்முதல் குழுவுடன் இணைந்து மறு ஆர்டர் அளவுகளைப் பேணுதல், மாத இறுதியில் வேறுபாட்டு அறிக்கை தயாரித்தல்.
> தகுதிகள்: கிடங்குப் பணியில் 2 ஆண்டு அனுபவம், எக்செல்லில் VLOOKUP, பிவட் டேபிள் பயன்பாடு அவசியம், SAP தெரிந்திருப்பது விரும்பத்தக்கது, வேகமான சூழலில் துல்லியமாகவும் தன்முனைப்புடனும் பணியாற்றுபவர்.

படி 1: சொற்களை மூன்றாகப் பிரியுங்கள்

விளம்பரத்தைத் தனிக் கோப்பில் ஒட்டிக்கொண்டு மூன்று நிறங்களில் குறியிடுங்கள்.

முதல் நிறம், வேறு எப்படியும் சொல்ல முடியாத பெயர்களுக்கு. பதவியின் பெயர், குறிப்பு எண், SAP, VLOOKUP, பிவட் டேபிள் ஆகியவை இதில் அடங்கும். சான்றிதழ், உரிமம், தர நிர்ணயம் போன்றவற்றின் பெயர்களும் இந்த வகைதான். இவற்றை அப்படியே எழுத வேண்டும். ‘இருப்புக் கட்டுப்பாட்டு உதவியாளர்’ என்று அவர்கள் போட்டிருக்க, நீங்கள் ‘ஸ்டாக் எக்ஸிகியூட்டிவ்’ என்று எழுதினால் வேறு வேலைக்கு வந்த மின்னஞ்சல் போலத் தோன்றும். அவர்கள் SAP என்று ஆங்கில எழுத்தில் போட்டிருந்தால் நீங்களும் அப்படியே போடுங்கள். ‘எஸ்ஏபி’ என்று எழுதினால் SAP என்ற தேடலில் அது சிக்காது.

இரண்டாம் நிறம், வேலையைச் சொல்லும் தொடர்களுக்கு. சுழற்சிக் கணக்கெடுப்பு, வேறுபாடு, மறு ஆர்டர் அளவு, வேறுபாட்டு அறிக்கை ஆகியவை இங்கே வரும். கவனம் அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். இவற்றில் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள வினையை விட்டுவிட வேண்டும். ‘நடத்துதல்’, ‘கண்டறிந்து’, ‘பேணுதல்’ எல்லாம் விளம்பரம் எழுதியவருடைய சொற்கள். அந்த வேலையில் உங்கள் கை என்ன செய்தது என்பதைச் சொல்லும் வினைகள் வேறாகத்தான் இருக்கும்: எண்ணினேன், ஒப்பிட்டேன், திருத்தினேன், கேட்டு வாங்கினேன்.

மூன்றாம் நிறம், ‘வேகமான சூழல்’, ‘துல்லியம்’, ‘தன்முனைப்பு’ போன்ற பண்புச் சொற்களுக்கு. இவற்றை மின்னஞ்சலில் எழுதவே வேண்டாம். ‘நான் துல்லியமாகப் பணியாற்றுபவர்’ என்று எழுதுவதற்கு யாருக்கும் எந்தச் செலவும் இல்லை, அதனால் அதற்கு மதிப்பும் இல்லை. துல்லியம் உண்டா என்பது நீங்கள் சொல்லும் வேலை விவரத்திலிருந்து தானாகத் தெரிய வேண்டும்.

குறியிடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். எந்தக் கருத்து திரும்பத் திரும்ப வருகிறது? இந்த விளம்பரத்தில் ‘வேறுபாடு’ இருமுறை வருகிறது. காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். கணக்கு ஒத்துவராமல் அங்கே யாரோ தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். மின்னஞ்சலின் நடுப்பகுதியை அந்த இடத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். அதேபோல ‘அவசியம்’ என்ற சொல் எதன் பக்கத்தில் இருக்கிறது, ‘விரும்பத்தக்கது’ எதன் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: சொல் உங்களுக்கு உண்மையாகவே பொருந்துகிறதா?

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், பிறகு நேர்காணலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சுழற்சிக் கணக்கெடுப்பு என்றால் கிடங்கைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முறை வைத்து எண்ணுவது. கிடங்கை நிறுத்திவைத்து ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எண்ணுவது வேறு. இரண்டாவதை மட்டுமே செய்தவர் விளம்பரத்தில் இருக்கிறதே என்று முதல் சொல்லை எழுதினால், ‘எந்தப் பொருளை எத்தனை நாளுக்கு ஒருமுறை எண்ண வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்தீர்கள்?’ என்ற முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவார். அவர் ‘ஆண்டு முழுக் கணக்கெடுப்பில் எண்ணும் குழுவைப் பார்த்துக்கொண்டேன்’ என்று எழுதுவதுதான் சரி. ‘கணக்கெடுப்பு’ என்ற சொல்லும் இருக்கும், பொய்யும் இருக்காது.

இதற்கு எதிர்மாறாகவும் நடக்கும். பகுதி பகுதியாக எண்ணும் வேலையை வாரம்தோறும் செய்திருப்பீர்கள், ஆனால் உங்கள் கிடங்கில் அதை ‘ரேக் செக்’ என்று அழைத்திருப்பார்கள். அப்போது விளம்பரத்தின் சொல்லைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பழைய பெயரையும் ஒருமுறை பக்கத்தில் சொல்லிவிட்டால், ரெஸ்யூமேயில் ‘ரேக் செக்’ என்று இருப்பதைப் பார்ப்பவர் குழம்பமாட்டார்.

படி 3: ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சான்று

இரண்டாம் நிறச் சொற்களில் மூன்று அல்லது நான்கை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் வேலையிலிருந்து ஓர் உண்மையை எழுதுங்கள்: எதைச் செய்தீர்கள், எவ்வளவு, என்ன மாறியது. மூன்றும் கிடைக்காவிட்டால் குறைந்தது முதல் இரண்டும் வேண்டும். ஒன்றுமே கிடைக்காத சொல்லைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நமது விண்ணப்பதாரர் இப்படிக் குறித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

சுழற்சிக் கணக்கெடுப்பு: 6 ரேக் வரிசைகள், வாரம் ஒரு வரிசை, எண்ணிய அன்றே ஒப்பீடு.

வேறுபாடு: முதலில் வரிசைக்கு 20 பொருள்களுக்கு மேல், இப்போது 7 அல்லது 8. காரணம், திரும்பி வந்த சரக்கு பதிவாகும் முன்பே ரேக்குக்குப் போய்விட்டது.

மறு ஆர்டர் அளவு: 3 மாதத்துக்கு ஒருமுறை திருத்தம். விற்பனை எண்களைத் தயாரித்தது இவர், முடிவெடுத்தது கொள்முதல் பிரிவு.

மாத இறுதி அறிக்கை: மேலாளர்தான் செய்தார். இவரிடம் சான்று இல்லை, ஆகவே மின்னஞ்சலில் இது வராது.

மறு ஆர்டர் குறிப்பில் யார் முடிவெடுத்தது என்பதை எழுதியிருப்பதைப் பாருங்கள். ‘பேணுதல்’ என்ற விளம்பர வினையை அப்படியே எடுத்திருந்தால், தான் செய்யாத ஒன்றை இவர் தன்னை அறியாமலே கோரியிருப்பார். வினையை விடச் சொல்வதற்கு முதன்மையான காரணம் இதுதான். நகல் போலத் தெரியும் என்பது அதற்கு அடுத்தது.

தவறான இரண்டு வரைவுகள்

எழுதத் தொடங்கும் முன் தவறு எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம்.

> வாராந்திர சுழற்சிக் கணக்கெடுப்பு நடத்துதல், பதிவேட்டு இருப்புக்கும் கையிருப்புக்கும் இடையிலான வேறுபாடுகளைக் கண்டறிதல், கொள்முதல் குழுவுடன் இணைந்து மறு ஆர்டர் அளவுகளைப் பேணுதல் ஆகியவற்றில் எனக்கு அனுபவம் உண்டு. வேகமான சூழலில் துல்லியமாகவும் தன்முனைப்புடனும் பணியாற்றுவேன்.

இது நகல். விளம்பரத்தை எழுதியவரே இதைப் படிக்க நேர்ந்தால் தன் வாக்கியம் தன்னிடமே திரும்பி வந்திருப்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். விண்ணப்பித்தவரைப் பற்றி இதில் புதிதாக ஒரு தகவல்கூட இல்லை. தமிழில் இதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் உண்டு. விளம்பரங்கள் பணிகளை ‘நடத்துதல், பேணுதல், தயாரித்தல்’ என்று ‘தல்’ விகுதியில் அடுக்கும். உங்கள் மின்னஞ்சலிலும் ‘தல்’ வரிசை கட்டி நின்றால், அந்த வரி விளம்பரத்திலிருந்து வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். தன் வேலையைப் பற்றித் தானே பேசுகிறவர் ‘செய்கிறேன்’, ‘செய்தேன்’ என்று முற்று வினையில்தான் பேசுவார்.

> இருப்புக் கட்டுப்பாடு, சுழற்சிக் கணக்கெடுப்பு, இருப்பு வேறுபாடு, வேறுபாட்டு அறிக்கை, மறு ஆர்டர், எக்செல், VLOOKUP, பிவட் டேபிள், SAP ஆகியவற்றில் தேர்ந்த இருப்புக் கட்டுப்பாட்டு வல்லுநரான நான், உங்கள் இருப்புக் கட்டுப்பாட்டுக் குழுவின் இருப்பு வேறுபாடுகளைக் குறைப்பேன்.

இது திணிப்பு. சொற்கள் எல்லாம் இருக்கின்றன, அவற்றைத் தாங்கும் வேலை இல்லை. விரும்பத்தக்கது என்று மட்டும் சொல்லப்பட்ட SAP இங்கே தேர்ச்சியாகவே மாறிவிட்டது. இதே திணிப்பின் இன்னொரு வடிவம், சொற்களை வெள்ளை நிறத்தில் சிறிய எழுத்தில் அடியில் ஒளித்துவைப்பது. விண்ணப்ப மென்பொருள் எழுத்தை மட்டும் பிரித்தெடுக்கும்போது நிறம் போய்விடும், ஒளித்தது வெளியே வந்துவிடும். மின்னஞ்சலை இருண்ட பின்னணியில் திறப்பவருக்கும் அது தெரியக்கூடும். ஏமாற்றப் பார்த்தார் என்ற எண்ணம் ஒருமுறை விழுந்துவிட்டால் அதைத் துடைக்க வழியில்லை.

படி 4: எழுதுங்கள்

> சப்ஜெக்ட்: விண்ணப்பம் – இருப்புக் கட்டுப்பாட்டு உதவியாளர் – IC-14
>
> வணக்கம்.
>
> இருப்புக் கட்டுப்பாட்டு உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் 3 ஆண்டுகளாக இருப்புக் கணக்கைப் பார்த்துவருகிறேன். அங்கே சுழற்சிக் கணக்கெடுப்பு என் பொறுப்பு. 6 ரேக் வரிசைகளை வாரத்துக்கு ஒன்றாக எண்ணி, அன்றே பதிவேட்டோடு ஒப்பிடுவேன்.
>
> தொடக்கத்தில் ஒரு வரிசையில் 20 பொருள்களுக்கு மேல் கணக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு வேறுபாடு வரும்போதும் காரணத்தை எக்செல் தாளில் குறித்துவைத்தேன். இரண்டு மாதம் கழித்து பிவட் டேபிள் போட்டுப் பார்த்ததில், பெரும்பாலானவை திரும்பி வந்த சரக்கால் ஏற்பட்டவை என்று தெரிந்தது. பதிவு செய்யும் முன்பே அவை ரேக்குக்குப் போய்க்கொண்டிருந்தன. பதிவு முடியும்வரை அவற்றைத் தனி இடத்தில் வைக்க ஏற்பாடு செய்தோம். இப்போது வரிசைக்கு 7 அல்லது 8 பொருள்களில்தான் சிக்கல் வருகிறது.
>
> வேகமாக விற்கும் பொருள்களின் மறு ஆர்டர் அளவு எங்களிடம் 3 மாதத்துக்கு ஒருமுறை திருத்தப்படும். அதற்கான விற்பனை எண்களை VLOOKUP கொண்டு திரட்டிக் கொள்முதல் பிரிவுக்குக் கொடுப்பது என் வேலை. SAP பயன்படுத்தியதில்லை. இப்போதுள்ள கிடங்கு மென்பொருளில் சரக்கு வரவு, இடமாற்றம், இருப்புத் திருத்தம் ஆகிய மூன்று பதிவுகளையும் நானே செய்கிறேன்.
>
> ரெஸ்யூமே இணைத்துள்ளேன். நேரில் பேச வாய்ப்பளித்தால் மகிழ்வேன்.

குறிப்பு எண்ணை விட்டுவிட்டால் விளம்பரத்திலிருந்து வந்த பெயர்கள் இதில் எட்டு: பதவிப் பெயர், சுழற்சிக் கணக்கெடுப்பு, வேறுபாடு, மறு ஆர்டர் அளவு, எக்செல், பிவட் டேபிள், VLOOKUP, SAP. பதவிப் பெயர் மட்டும் சப்ஜெக்டிலும் உள்ளேயும் வருகிறது, மற்றவை ஒவ்வொருமுறைதான். இந்த நீளமுள்ள மின்னஞ்சலுக்கு ஐந்து முதல் எட்டுப் பெயர்கள் வரை இயல்பாகத் தெரியும். பத்தைத் தாண்டினால் சில வாக்கியங்கள் இரண்டு மூன்று பெயர்களைச் சுமக்க வேண்டிவரும், திணிப்பு அங்கேதான் தொடங்கும். ‘வேறுபாடு’ மறுபடி தேவைப்பட்ட இடங்களில் ‘கணக்கு ஒத்துவரவில்லை’, ‘சிக்கல் வருகிறது’ என்று பேச்சு வழக்கில் போயிருப்பதையும் பாருங்கள். துல்லியம், தன்முனைப்பு என்ற சொற்கள் எங்கும் இல்லை. ஆனால் எண்ணிய அன்றே ஒப்பிடுகிறவர், ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் காரணத்தைக் குறித்துவைத்தவர் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்துவிடுகிறது.

SAP பற்றிய இரண்டு வரிகள் கூடுதல் கவனத்துக்குரியவை. தெரியாது என்பதை மறைக்காமல் முதலில் சொல்லிவிட்டு, அதே வகை வேலையை வேறு மென்பொருளில் செய்ததைப் பதிவுகளின் பெயரோடு அடுத்துச் சொல்கிறது. ‘விரைவில் கற்றுக்கொள்வேன்’ என்று எழுதுவதைவிட இது நம்பத்தக்கது. ஆனால் இந்த வழி ‘விரும்பத்தக்கது’ என்று போட்ட தகுதிக்குத்தான் செல்லும். எக்செல் அவசியம் என்கிற இடத்தில் எக்செல் தெரியாது என்று அழகாக எழுதிப் பயனில்லை.

படி 5: தமிழில் எழுதுவோருக்கான ஒரு சிக்கல்

தமிழ்ச் சொல் வேற்றுமை உருபு ஏற்கும்போது பெரும்பாலும் அதன் கடைசி எழுத்தே மாறிவிடும். ‘கணக்கெடுப்பு’ என்று தேடினால் ‘கணக்கெடுப்பை’, ‘கணக்கெடுப்பில்’ ஆகியவை பல மின்னஞ்சல் தேடல்களில் கிடைக்காது, ஏனென்றால் ஈற்றிலுள்ள உகரம் அங்கே இல்லை. ‘பிவட் டேபிள்’ என்று தேடினால் ‘பிவட் டேபிளில்’ தப்பிவிடும். எனவே ஒவ்வொரு முக்கியப் பெயரும் ஒருமுறையாவது உருபு ஏற்காமல் நிற்கும்படி வாக்கியத்தை அமையுங்கள். மேலே உள்ள மின்னஞ்சலில் ‘சுழற்சிக் கணக்கெடுப்பு என் பொறுப்பு’, ‘பிவட் டேபிள் போட்டுப் பார்த்ததில்’, ‘மறு ஆர்டர் அளவு எங்களிடம்’ என்று இருப்பது இதற்காகத்தான். மின்னஞ்சலை பிரௌசரில் திறந்து Ctrl+F அழுத்தி, விளம்பரத்தில் உள்ளபடியே ஒவ்வொரு பெயரையும் தட்டிப் பாருங்கள். சிக்காததைத் திருத்துங்கள்.

விளம்பரத்தில் மென்பொருளின் பெயர் எழுத்துப் பிழையோடு இருந்தால், சரியான பெயரையே எழுதுங்கள். பிழையை நகலெடுத்தால் உங்களுக்கும் தெரியாது என்றே படும்.

படி 6: அனுப்பும் முன் மூன்று சோதனைகள்

விளம்பரத்தையும் மின்னஞ்சலையும் அருகருகே வைத்து, இரண்டிலும் ஒரே வரிசையில் வரும் சொற்களை அடிக்கோடிடுங்கள். பெயர்களைத் தவிர, நான்கு சொற்களுக்கு மேல் தொடர்ச்சியாக அடிக்கோடு விழுந்தால் அந்த இடத்தை மாற்றி எழுதுங்கள். ஒரு சொல்லுக்கு இணைச்சொல் தேடி மாற்றினால் போதாது. ‘கண்டறிந்து’ என்பதை ‘இனங்கண்டு’ ஆக்கினாலும் வாக்கியத்தின் எலும்புக்கூடு விளம்பரத்துடையதுதான். விளம்பரத்தை மூடிவைத்துவிட்டு, அந்த வேலையை நண்பரிடம் எப்படி விவரிப்பீர்களோ அப்படிச் சொல்லி, அதை எழுதுங்கள்.

அடுத்து, விளம்பரத்திலிருந்து எடுத்த பெயர்களை எல்லாம் மனத்தால் அழித்துப் பாருங்கள். மிச்சம் இருப்பதில் ஒரு வேலை தெரிகிறதா? மேலே உள்ள மின்னஞ்சலில் பெயர்கள் போனாலும் 6 ரேக் வரிசைகளும் திரும்பி வந்த சரக்கும் நிற்கும். திணிப்பு வரைவில் ‘தேர்ந்த நான் குறைப்பேன்’ மட்டும்தான் மிஞ்சும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு பெயரையும் தொட்டு, ‘இதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசு’ என்று உங்களையே கேளுங்கள். நேர்காணலில் கேள்விகள் பெரும்பாலும் நீங்கள் எழுதிய பெயர்களிலிருந்துதான் பிறக்கும். பேச முடியாததை எடுத்துவிடுங்கள்.

மின்னஞ்சலில் ஒரு பெயரும் ரெஸ்யூமேயில் வேறு பெயருமாக இருந்தால் அதையும் ஒன்றாக்குங்கள். விண்ணப்ப மென்பொருளுக்குள் பல இடங்களில் ரெஸ்யூமே மட்டுமே போகும், மின்னஞ்சல் வெளியிலேயே நின்றுவிடும். கடைசியாக, விளம்பரத்தை PDF ஆகச் சேமித்து, அனுப்பிய மின்னஞ்சலோடு ஒரே கோப்புறையில் வையுங்கள். அழைப்பு வருவதற்குள் பெரும்பாலும் அந்தப் பக்கம் நீக்கப்பட்டிருக்கும், எந்தச் சொல்லை எதற்காக எடுத்தீர்கள் என்று பார்க்க அப்போது அது ஒன்றுதான் இருக்கும்.